ஸ்கேன் செய்தால் 6 எப்படி 8 ஆகிறது? அட்டவணையில் உள்ள சின்ன எண்கள் தப்பிக்க எந்த டிபிஐ, எந்த ஃபார்மட்?

கட்டட வரைபடம் ஒன்றில் மூன்று அறைகள். பரப்பளவு முறையே 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று தாளில் தெளிவாக அச்சாகியிருக்கிறது. அந்தத் தாளை அலுவலக இயந்திரத்தில் ஸ்கேன் செய்து திறந்து பார்த்தால், மூன்று அறைகளுக்கும் ஒரே அளவு: 14.13. எண்கள் மங்கவில்லை, கறை படியவில்லை, பாதி அழியவும் இல்லை. அச்சகத்தில் இருந்து நேராக வந்தது போல சுத்தமாக இருக்கின்றன. தப்பாகவும் இருக்கின்றன.

இது நடந்தது ஜெர்மனியில், 2013 ஜூலை மாதத்தில். பெரிய அறைக்கும் சின்ன அறைக்கும் ஒரே பரப்பளவு வருவதைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் எழுந்தது. டேவிட் க்ரீசல் என்ற கணினி அறிவியலாளர் இதைத் தோண்டத் தொடங்கி, ஆகஸ்ட் தொடக்கத்தில் தன் வலைத்தளத்தில் ஆதாரங்களுடன் வெளியிட்டார். இயந்திரம் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஒர்க்சென்டர் வகையைச் சேர்ந்தது. நம்மூரில் நகல் எடுப்பதற்கே ‘ஜெராக்ஸ் எடுப்பது’ என்றுதான் பெயர். அந்த நிறுவனத்தின் இயந்திரமே எண்ணை மாற்றித் தருகிறது என்றால் யார் நம்புவார்கள்?

அடுத்து ஒரு செலவுப் பட்டியல் சிக்கியது. தொகைகள் சிறியதில் இருந்து பெரியதாக வரிசையாக இருந்தன. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் வரிசை உடைந்தது. தாளில் 65.40 என்று இருந்தது, ஸ்கேனில் 85.40 ஆகியிருந்தது. வரிசைப்படி இல்லாத பட்டியலாக இருந்திருந்தால் அந்தப் பிழை யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இன்று சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கி அறிக்கை, நில ஆவணம் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டியிருக்கிறது. ‘200 கேபிக்குள் இருக்க வேண்டும்’, ‘500 கேபிக்குள் இருக்க வேண்டும்’ என்று தளங்கள் எல்லை வைக்கின்றன. அந்த எல்லைக்குள் அடக்குவதற்காக கோப்பைச் சுருக்கும்போது சின்ன எண்களுக்கு என்ன ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள, 2013-ல் நடந்ததைவிட நல்ல பாடம் இல்லை.

எழுத்தை அடையாளம் காணும் மென்பொருளின் தவறா?

முதலில் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது. படத்தில் உள்ள எழுத்தைப் படித்து தட்டச்சு எழுத்தாக மாற்றும் ஓசிஆர் மென்பொருள் 6-ஐ 8 என்று படிப்பது புதிதல்ல. ஆனால் இந்த வழக்கில் ஓசிஆர் வேலையே செய்யவில்லை. மாறியது படத்தின் பிக்சல்கள். அதாவது தாளின் புகைப்படமே பொய் சொன்னது.

காரணம், ஜேபிக்2 என்ற சுருக்க முறை. ஜேபெக் என்ற, எல்லோருக்கும் பழக்கமான புகைப்பட முறையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெயர்தான் பக்கத்தில் இருக்கிறது, வேலை முற்றிலும் வேறு. ஜேபிக்2 கறுப்பு வெள்ளைப் பக்கங்களுக்காக 2000-ஆம் ஆண்டு வாக்கில் தரப்படுத்தப்பட்டது. பிடிஎஃப் கோப்புக்குள் அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். கோப்பின் பெயரில் அது தெரியாது.

பழைய அச்சகத்தில் அச்சுக்கோப்பவர் எப்படி வேலை செய்தார் என்று நினைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். பக்கத்தில் எத்தனை இடத்தில் 8 வந்தாலும், அறையில் இருந்து அதே 8-ஐத்தான் எடுத்து வைப்பார். ஜேபிக்2-வும் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு கறுப்புத் துண்டையும் வெட்டி எடுக்கிறது. ஏற்கெனவே பார்த்த துண்டு மாதிரியே இருந்தால், புதிதாகச் சேமிப்பதில்லை. ‘இந்த இடத்தில் அந்தப் பழைய துண்டையே வை’ என்று குறிப்பு மட்டும் எழுதிக்கொள்கிறது. ஆயிரம் எழுத்துள்ள பக்கத்துக்கு அறுபது எழுபது துண்டுகள் போதும் என்றால் கோப்பு எவ்வளவு சின்னதாகும்!

சிக்கல் ‘மாதிரியே இருந்தால்’ என்ற வார்த்தையில்தான் இருக்கிறது. எந்த அளவு ஒற்றுமை இருந்தால் ஒன்று என்று கொள்வது? அந்த அளவுகோலைத் தளர்த்தினால், கொஞ்சம் மை பரவிய 6-ஐயும் 8-ஐயும் ஒன்று என்று முடிவுகட்டிவிடும். பிறகு 6 இருந்த இடத்தில் பக்கத்தின் வேறு மூலையில் இருந்து எடுத்த அழகான 8 வந்து உட்காரும். 14.13 முழுவதும் ஒரே துண்டாக எடுக்கப்பட்டு 21.11 இருந்த இடத்தில் ஒட்டப்பட்டதும் இதே வழியில்தான்.

சொல்லப்போனால் ஜேபிக்2 முழுக்கக் கெட்டது இல்லை. எதையும் இழக்காமல் சுருக்கும் வகையும் அதில் உண்டு. ஆபத்து, இழப்புள்ள வகையில். ஆனால் கோப்பை வெளியில் இருந்து பார்த்து, எந்த வகையில் சுருக்கப்பட்டது என்று சாதாரணமாகச் சொல்ல முடியாது.

ஜெராக்ஸ் நிறுவனம் முதலில், ‘நார்மல்’ என்ற தர அமைப்பில்தான் இப்படி ஆகலாம், எழுத்து மாறக்கூடும் என்ற எச்சரிக்கையும் அமைப்புத் திரையிலேயே இருக்கிறது என்று விளக்கம் சொன்னது. எச்சரிக்கை இருந்தது உண்மைதான். நிர்வாகி மட்டும் திறக்கும் திரையில் இருக்கும் ஒரு வரியை, பொத்தானை அழுத்தி ஸ்கேன் எடுக்கும் ஊழியர் எப்போது படிப்பார்? பிறகு உயர்ந்த தர அமைப்பிலும் எண்கள் மாறுவதை க்ரீசல் செய்துகாட்டினார். மென்பொருளில் பிழை இருப்பதை நிறுவனம் ஒப்புக்கொண்டு, அதே ஆகஸ்டில் திருத்தத்தை வெளியிடத் தொடங்கியது. 2015-ல் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம், தாளுக்குப் பதிலாக வைக்கப்படும் ஸ்கேன்களுக்கு ஜேபிக்2-வைப் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டது.

எத்தனை பிக்சல் இருந்தால் 6 என்பது 6?

சுருக்க முறையை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. 6-ம் 8-ம் ஒன்று போலத் தெரிய, முதலில் அந்த எண்ணுக்குப் போதுமான பிக்சல் கிடைக்காமல் போயிருக்க வேண்டும். இங்கேதான் டிபிஐ வருகிறது. ஓர் அங்குல நீளத்தை எத்தனை புள்ளிகளாகப் பிரித்துப் பார்க்கிறோம் என்பதே டிபிஐ.

வங்கிக் கடனின் தவணை அட்டவணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏ4 தாள், நெருக்கமான வரிகள், எண்கள் 7 பாயின்ட் அளவு. ஒரு பாயின்ட் என்பது அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு. ஏரியல் போன்ற எழுத்துருவில் எண்ணின் உயரம், எழுத்துரு அளவில் சுமார் 70 விழுக்காடு. அப்படியானால் நம் எண் ஏறத்தாழ 5 பாயின்ட் உயரம். மில்லிமீட்டரில் 1.8-க்குள் அடங்கிவிடும். ஓர் எறும்பின் அளவு.

இந்த எண்ணை 100 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் உயரம் 7 பிக்சல். 150-ல் 10 பிக்சல். 200-ல் 14. 300-ல் 21. 600-ல் 42.

6-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் எங்கே இருக்கிறது? 6-ன் மேல் பகுதியில் வலது பக்கம் ஒரு சின்ன வாய் திறந்திருக்கிறது. அவ்வளவுதான். அந்த வாய் மூடினால் அது 8. எண்ணின் மொத்த உயரமே 14 பிக்சல் என்றால் அந்தத் திறப்புக்குக் கிடைப்பது இரண்டு பிக்சலைச் சுற்றித்தான். அச்சில் மை கொஞ்சம் பரவியிருந்தாலோ, தாள் ஒரு துளி சாய்ந்திருந்தாலோ அந்த இரண்டும் சாம்பல் நிறமாகிவிடும். 21 பிக்சல் உயரத்தில் மூன்றாவது கிடைக்கும். நடுவில் ஒன்றாவது வெள்ளையாக மிஞ்சும். 300 டிபிஐ என்ற எண் அலுவலக விதிகளிலும் நீதிமன்ற மின்தாக்கல் நெறிமுறைகளிலும் திரும்பத் திரும்ப வருவது சும்மா இல்லை. சாதாரண அளவு எழுத்துக்கு அது போதும். 7 பாயின்டுக்கு அது கீழ் எல்லை.

இதைவிட மோசமான நிலையில் இருப்பது புள்ளி. 7 பாயின்ட் எழுத்தில் தசமப் புள்ளியின் அகலம் பாயின்டில் முக்கால் பங்கு கூட வராது. 200 டிபிஐயில் அது இரண்டு பிக்சலுக்கும் குறைவு, 100-ல் ஒன்றே ஒன்று. 65.40 என்பது 6540 ஆவதற்கு ஒரு பிக்சல் போனால் போதும். பல ஸ்கேனர்களில் ‘டெஸ்பெக்கிள்’ அல்லது ‘புள்ளி நீக்கு’ என்று ஒரு வசதி இருக்கும். தாளில் உள்ள தூசிப் புள்ளிகளைத் துடைக்கத்தான் அது. தூசிக்கும் தசமப் புள்ளிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அட்டவணை ஸ்கேன் செய்யும்போது அதை அணைத்துவிட வேண்டும்.

‘சரி, அப்போ எல்லாத்தையும் 600-லயே எடுத்துடலாமே?’ என்று கேட்கலாம். 6 பாயின்ட் அல்லது அதற்கும் சின்ன எண்கள் இருந்தால், அல்லது தாள் பழையதாகி மை மங்கியிருந்தால் எடுக்கத்தான் வேண்டும். மற்றபடி டிபிஐ இரட்டிப்பானால் பிக்சல்கள் நான்கு மடங்காகும். கோப்பு பெருக்கும். பெருத்த கோப்பை ஏற்ற முடியாமல் கடைசி நிமிடத்தில் எதையாவது வைத்துச் சுருக்குவார்கள். அந்தக் கடைசி நிமிடச் சுருக்கம்தான் எல்லாவற்றையும் கெடுக்கும். தேவைக்கு எடுத்து, அப்படியே வைப்பது நல்லது.

இன்னொன்று. 150 டிபிஐயில் எடுத்த படத்தை மென்பொருளில் 300 ஆக்கினால் எண் பெரிதாகும், தெளிவாகாது. ஸ்கேனர் விளம்பரத்தில் 4800, 9600 என்று போட்டிருப்பதிலும் பெரும்பகுதி இப்படி ஊகித்து நிரப்பப்பட்ட பிக்சல்தான். ‘ஆப்டிகல்’ என்று குறிப்பிட்டிருக்கும் எண்ணை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஜேபெக் என்ன செய்கிறது?

வீட்டில் அதிகம் பேர் பயன்படுத்துவது ஜேபெக். அது படத்தை 8-க்கு 8 பிக்சல் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் மென்மையான மாற்றங்களை வைத்துக்கொண்டு, சட்டென்று மாறும் நுணுக்கங்களைக் குறைக்கிறது. முகத்தின் கன்னத்துக்கும் மாலை வானத்துக்கும் இது அருமையான முறை. ஆனால் வெள்ளைத் தாளில் கறுப்பு எண் என்பது முழுக்க முழுக்க சட்டென்று மாறும் ஓரங்களால் ஆனது. ஜேபெக் எதைத் தூக்கி எறிகிறதோ, எண் அதில்தான் இருக்கிறது.

14 பிக்சல் உயர எண் இரண்டு சதுரங்களுக்குள் கிடக்கும். தரத்தைக் குறைக்கக் குறைக்க, எண்ணைச் சுற்றிக் கொசு மொய்த்தது போல சாம்பல் புள்ளிகள் வரும். பிறகு உள்ளே இருக்கும் வெள்ளை ஓட்டைகள் சாம்பலாகும். கடைசியில் 3, 6, 8, 9 எல்லாம் ஒரே குடும்பத்து உருண்டைகள்.

ஆனாலும் ஜேபெக்குக்கு ஒரு நேர்மை உண்டு. அது ஓர் எண்ணின் இடத்தில் இன்னொரு எண்ணைக் கொண்டுவந்து வைப்பதில்லை. கெட்டுப்போனால் கெட்டுப்போனது போலவே தெரியும். பார்க்கிறவர் ‘இது 6-ஆ 8-ஆ?’ என்று கேட்பார், தாளைத் தேடுவார். ஜேபிக்2 மாற்றியதைப் பார்த்து யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

சுத்தமாகப் பொய் சொல்லும் இன்னொன்றும் இருக்கிறது. அது சுருக்க முறையே அல்ல, ‘பிளாக் அண்ட் ஒயிட்’ அமைப்பு. இதில் ஒவ்வொரு பிக்சலும் கறுப்பா வெள்ளையா என்று ஸ்கேனர் உடனே தீர்ப்பு சொல்லிவிடுகிறது. நடுவில் சாம்பல் கிடையாது. 200 டிபிஐயில் 6-ன் வாயில் இருந்த இரண்டு சாம்பல் பிக்சல்களும் கறுப்பு என்று தீர்ப்பானால் 8 கிடைக்கும், ஓரம் கூர்மையாக இருக்கும். ‘கிரேஸ்கேல்’ அமைப்பில் அதே இரண்டும் சாம்பலாகவே நிற்கும். கண் அதைப் பார்த்து 6 என்று புரிந்துகொள்ளும். ஆகவே 300 டிபிஐயில் எடுக்கிறீர்கள் என்றால் கிரேஸ்கேல். கறுப்பு வெள்ளையில்தான் வேண்டும் என்றால் 600 டிபிஐ. சீல், கையெழுத்தின் நிறம் முக்கியம் என்றால் மட்டும் கலர்.

200 கேபிக்குள் எப்படி அடக்குவது?

நம் தவணை அட்டவணைக்கே திரும்புவோம். ஏ4 தாள் 300 டிபிஐயில் 2480-க்கு 3508 பிக்சல். பெருக்கினால் 87 லட்சம். கிரேஸ்கேலில் ஒரு பிக்சலுக்கு ஒரு பைட், எனவே சுருக்காமல் வைத்தால் 8.7 எம்பி. கலரில் அதுவே மூன்று மடங்கு. சுருக்காத கறுப்பு வெள்ளையில் எட்டில் ஒரு பங்கு, 1.1 எம்பி.

கையில் வைத்துக்கொள்ளும் மூலப் பிரதிக்குக் கவலையே வேண்டாம். கிரேஸ்கேல் 300, பிஎன்ஜி அல்லது இழப்பில்லாச் சுருக்கம் கொண்ட டிஃப். சில எம்பி ஆகும், ஆகட்டும். இன்றைய பென் டிரைவில் அது ஒரு பொருட்டே இல்லை. இந்தப் பிரதியை யாருக்கும் அனுப்ப வேண்டாம். இதிலிருந்துதான் மற்றவை.

தளத்தில் ஏற்ற வேண்டிய பிரதிதான் சிக்கல். 200 கேபி என்பது ஏறத்தாழ 16 லட்சம் பிட். 87 லட்சம் பிக்சலுக்குப் பங்கிட்டால், ஐந்து பிக்சலுக்கு ஒரு பிட் கிடைக்கும். பக்கத்தில் பெரும்பகுதி வெறும் வெள்ளை என்பதால் நிலைமை இந்தக் கணக்கு காட்டுவதைவிட நல்லதுதான். ஆனால் அட்டவணை நெருக்கமாக இருந்தால் ஜேபெக் திணறும். கலராக இருந்தால் இன்னும் மோசம்.

இங்கே பலர் செய்யும் தவறு, கலரில் எடுத்த ஜேபெக்கை ‘சைஸ் குறைக்கும்’ தளம் ஒன்றில் போட்டு, கிடைத்ததை அப்படியே ஏற்றுவது. அந்தத் தளம் பெரும்பாலும் மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது: பிக்சல்களைக் குறைக்கிறது, ஜேபெக் தரத்தைக் குறைக்கிறது, ஏற்கெனவே ஒருமுறை ஜேபெக் ஆன படத்தை இரண்டாவது முறை ஜேபெக் ஆக்குகிறது. முதல் முறை வந்த கொசுப்புள்ளிகளையும் எழுத்து என்று நினைத்துச் சேமிப்பதில் இடம் வீணாகிறது.

மாற்று வழி இருக்கிறது. பிடிஎஃப் ஏற்கப்படும் தளம் என்றால், மூலப் பிரதியைக் கறுப்பு வெள்ளையாக்கி, ‘சிசிஐடிடி குரூப் 4’ என்ற முறையில் பிடிஎஃப் ஆக்கலாம். இது ஃபேக்ஸ் காலத்து முறை. ஒரு வரியில் கறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மேல் வரியோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளும். எந்தப் பிக்சலையும் மாற்றாது, எந்தத் துண்டையும் இடம் மாற்றாது. பழசுதான், ஆனால் எழுத்துப் பக்கத்துக்கு 300 டிபிஐயில் பெரும்பாலும் 100 கேபிக்குள் அடங்கிவிடும். சுத்தமான தாளாக இருந்தால் 600 டிபிஐ கூட 200 கேபிக்குள் வர வாய்ப்பு உண்டு. கிரேஸ்கேல் மூலத்தில் இருந்து கறுப்பு வெள்ளையாக்குவதில் ஒரு வசதி: கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே உள்ள கோட்டை நீங்களே நகர்த்தலாம். 6-ன் வாய் மூடுகிறது என்றால் கோட்டைக் கறுப்புப் பக்கமாகத் தள்ளினால் வாய் திறக்கும். அதிகம் தள்ளினால் தசமப் புள்ளி மறையும். இரண்டையும் பார்த்துக்கொண்டே நிறுத்த வேண்டும்.

தளம் ஜேபெக் மட்டும்தான் வாங்கும் என்றால், முதலில் கலரை விடுங்கள். அடுத்து தாளின் ஓரத்து வெள்ளையையும், தேவையில்லாத பகுதியையும் வெட்டிவிடுங்கள். அட்டவணை பாதிப் பக்கம்தான் என்றால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் பங்கு இரட்டிப்பாகிறது. அதற்குப் பிறகும் அடங்கவில்லை என்றால் தரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். டிபிஐயைக் குறைப்பது கடைசி வழி.

கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்கும் வழக்கமும் இருக்கிறது. படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கும். நீளப் பக்கம் 1,600 பிக்சலுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், ஏ4 தாளின் நீளம் 11.7 அங்குலம், வகுத்தால் 137 டிபிஐ. நம் 7 பாயின்ட் எண் ஒன்பது, பத்து பிக்சல் உயரத்துக்கு வந்துவிட்டது, அதன் மேல் ஜேபெக் வேறு. அதே கோப்பை ‘டாக்குமென்ட்’ என்று இணைத்து அனுப்பினால் தொடாமல் போய்ச் சேரும்.

அலுவலகப் பெரிய இயந்திரங்களில் ‘காம்பாக்ட் பிடிஎஃப்’, ‘ஹை கம்ப்ரெஷன் பிடிஎஃப்’ என்ற தேர்வுகள் இருக்கும். இவை பக்கத்தை எழுத்து அடுக்கு, பின்னணி அடுக்கு என்று பிரித்து, எழுத்து அடுக்கைக் கடுமையாகச் சுருக்கும். எந்த முறையில் என்று திரையில் சொல்வதில்லை. எண்கள் உள்ள பக்கத்துக்கு இந்தத் தேர்வைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு. சாதாரண பிடிஎஃப், முடிந்தால் டிஃப்.

கையில் இருக்கும் பிடிஎஃப் எப்படிச் சுருக்கப்பட்டது?

கேட்டால் கோப்பே சொல்லும். ‘பாப்ளர்’ என்ற இலவசத் தொகுப்பில் உள்ள ஒரு கட்டளை போதும்:

```
pdfimages -list thavanai.pdf
```

விடை இந்த மாதிரி வரும்:

```
page num type  width height color comp bpc enc   interp object ID x-ppi y-ppi size  ratio
   1   0 image  1654   2339 gray     1   1 jbig2 no          8  0   200   200 21.4K 4.5%
```

இதில் பார்க்க வேண்டியது மூன்றே இடங்கள். `x-ppi` என்பது டிபிஐ, இங்கே 200. `bpc` 1 என்றால் கறுப்பு வெள்ளை, 8 என்றால் சாம்பலோ கலரோ. `enc` என்பது சுருக்க முறை. அதில் `ccitt` என்றோ `image` என்றோ இருந்தால் சுருக்கத்தில் எதுவும் இழக்கப்படவில்லை. `jpeg` என்றால் இழப்பு உண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரியும். `jbig2` என்று வந்தால், அதுவும் 200 டிபிஐயில், தாளோடு ஒப்பிடாமல் அந்த எண்களை நம்பக்கூடாது. மேலே காட்டிய மாதிரிக் கோப்பில் ஒரு முழுப் பக்கம் 21 கேபிக்குச் சுருங்கியிருக்கிறது. அவ்வளவு சின்னதாக இருப்பதே கேள்வி கேட்க வைக்க வேண்டும்.

இழப்பில்லாத ஜேபிக்2-வா, இழப்புள்ளதா என்று அறிய ஒரு வழி உண்டு. பக்கத்தை 800 விழுக்காடு பெரிதாக்கி, வெவ்வேறு வரிகளில் உள்ள நான்கைந்து 8-களைப் பாருங்கள். தாளில் இருந்து உண்மையாக ஸ்கேன் ஆன இரண்டு 8-கள் ஒருபோதும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. ஒன்றில் ஓரத்தில் ஒரு பிக்சல் துருத்தும், இன்னொன்றில் வயிறு கொஞ்சம் சப்பையாக இருக்கும். எல்லா 8-களிலும் அதே இடத்தில் அதே துருத்தல் இருந்தால், ஒரே துண்டை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஒட்டியது சரியான துண்டா என்பதை அந்தப் படம் சொல்லாது.

இயந்திரத்தையே சோதிக்க நினைக்கிறவர்களுக்கு க்ரீசல் செய்தது போல ஒரு பக்கம் தயாரிப்பது எளிது. 6-ம் 8-ம் கலந்த எண்களை 6, 7, 8 பாயின்ட் அளவுகளில் பத்தி பத்தியாக அச்சிட்டு, தினமும் பயன்படுத்தும் அதே அமைப்பில் ஸ்கேன் செய்து, வரி வரியாக மூலத்தோடு ஒப்பிட வேண்டும். எந்த அளவில் முதல் பிழை வருகிறதோ, அந்த அளவுக்கும் அதைவிடச் சின்னதுக்கும் அந்த அமைப்பு உதவாது. ஒருமுறை ஸ்கேன் செய்து பிழை இல்லை என்று விட்டுவிடக் கூடாது. தாளைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து இரண்டு மூன்று முறை எடுக்க வேண்டும். ஒரே வரைபடத்தை மீண்டும் மீண்டும் ஸ்கேன் செய்தபோது, வேறு வேறு இடத்தில் வேறு வேறு எண்கள் மாறியதை க்ரீசல் பதிவு செய்திருக்கிறார்.

கணக்கு அட்டவணையாக இருந்தால் இன்னும் எளிய சோதனை கையிலேயே இருக்கிறது. கூட்டிப் பார்ப்பது. தவணை அட்டவணையில் அசலும் வட்டியும் சேர்ந்தால் தவணை வர வேண்டும், போன மாத பாக்கியில் இருந்து அசலைக் கழித்தால் இந்த மாத பாக்கி வர வேண்டும். 6 ஒன்று 8 ஆகியிருந்தால் அந்த வரியில் வித்தியாசம் 2, 20, 200 என்று வந்து நிற்கும். 3 ஒன்று 8 ஆகியிருந்தால் 5, 50, 500. கட்டட வரைபடத்துக்கோ மருத்துவப் பரிசோதனை முடிவுக்கோ இந்தச் சோதனை இல்லை. ஒவ்வோர் எண்ணும் தனித்து நிற்கிறது, கூட்டுத்தொகை என்று எதுவும் கிடையாது.

2013-ல் வந்த திருத்தம் அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேன்களுக்குத்தான். அதற்கு முன் பல ஆண்டுகளாகவே அந்தப் பிழை இயந்திரங்களில் இருந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டோம் என்று தாளைக் கிழித்துப் போட்ட அலுவலகங்களில், எது 6, எது 8 என்று கேட்க இனி எதுவும் மிச்சமில்லை.